வீட்டுப் பயிற்சியை எவ்வளவு குறைக்கலாம்? மகன் பக்கத்தில் வந்தாலும் மனத்தில் ஒன்றும் தோன்றவில்லை

கொடிமல்லி (திருமங்கலம்)

வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது முடியப் போகிறது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு சொற்கள் பேசுவான்; மற்றபடி வேண்டியதை எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். அவனுக்கு மூத்தவள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். என் கணவர் இங்கேயே ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறார். நான் தனியார் பள்ளி ஆசிரியை வேலையை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

வாரத்தில் ஐந்து நாள் மதுரை அண்ணா நகர்ப் பக்கம் ஒரு பயிற்சி மையத்துக்கு அவனைப் பேருந்தில் அழைத்துச் செல்கிறேன். இரவு உணவுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் அட்டைகள், மணி கோர்த்தல், படம் காட்டிப் பெயர் சொல்லுதல் என்று வீட்டுப் பயிற்சி. சென்ற செவ்வாய்க்கிழமை அவன் அட்டைகளை வீசி எறிந்தபோது அவன் கையில் அடித்துவிட்டேன். சற்று நேரம் கழித்து அவனே வந்து, வழக்கம்போல் என் உள்ளங்கையை எடுத்துத் தன் தலையில் வைத்து அழுத்திக்கொண்டான். முன்பெல்லாம் அப்படிச் செய்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். அன்று ஒன்றும் தோன்றவில்லை. கை வலிக்கிறது என்று மட்டும் தோன்றியது. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

என் கேள்வி இதுதான். வீட்டுப் பயிற்சியைக் குறைத்தால் அவனுக்குக் கெடுதல் ஆகுமா? எவ்வளவு குறைக்கலாம்?

மாடக்குளத்தான்

சகோதரி, நீங்கள் விவரிப்பது மனச்சோர்வு நோய். என் மனைவிக்கும் இப்படித்தான் இருந்தது. மருத்துவரிடம் காட்டி ஆறு மாதம் மாத்திரை எடுத்த பிறகு சரியாகிவிட்டது. தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஆனால் பயிற்சியைக் குறைக்காதீர்கள். மூளை வளரும் வயது இது. எட்டு வயதுக்குள் வராத பேச்சு பிறகு வராது என்று எங்களிடம் தெளிவாகச் சொன்னார்கள். வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டாவது பயிற்சியைத் தொடருங்கள். பிற்காலத்தில் "அன்றைக்கே செய்திருக்கலாமே" என்று வருந்தும் நிலை வரக் கூடாது.

சிறப்பாசிரியை (ஆனையூர்)

நான் பத்தொன்பது ஆண்டுகளாகச் சிறப்பாசிரியையாக இருக்கிறேன். மேலே எழுதியவர் மருத்துவரைப் பார்க்கச் சொன்னது நல்ல யோசனை. அதை நானும் வழிமொழிகிறேன். ஆனால் எட்டு வயதோடு கதவு மூடிவிடும் என்பது சரியல்ல. முதல் சில ஆண்டுகளில் கற்பது எளிது என்பது உண்மை. எட்டுக்குப் பிறகும், பத்துக்குப் பிறகும் பேசத் தொடங்கிய பிள்ளைகளும், பேசாமலே படங்களைக் காட்டித் தம் தேவையைத் தெளிவாகச் சொல்லக் கற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். "எட்டு வயது" என்ற அந்த ஒரு வாக்கியம் எத்தனை தாய்மார்களை இரவு பத்து மணிக்கு அட்டையும் கையுமாக உட்கார வைத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கொடிமல்லி, உங்களுக்கு வந்திருப்பது எது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். மகள் பள்ளியிலிருந்து வந்து ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் சிரிப்பு வருகிறதா? அம்மா வீட்டுக்குப் போனால் சாப்பாடு ருசிக்கிறதா? மற்ற இடங்களிலெல்லாம் மனம் ஓரளவு உயிரோடு இருந்து, பிள்ளை வளர்ப்பு என்ற அந்த ஒரு வேலையில் மட்டும் வற்றிப்போயிருந்தால் அது மனச்சோர்வு நோயிலிருந்து சற்று வேறுபட்டது. பெல்ஜியத்தில் இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக் என்ற இரு உளவியலாளர்கள் பெற்றோரின் இந்த வற்றலை நெடுநாளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் சொல்லும் அடையாளங்களில் ஒன்று நீங்கள் எழுதியதேதான்: குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் ஒழுங்காக நடக்கும், ஆனால் பிள்ளையோடு மனம் ஒட்டாது. பழைய நானாக நான் இல்லையே என்ற உறுத்தலும் கூடவே இருக்கும். பாசம் போய்விட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். கிணற்றில் ஊறுவதைவிட இறைப்பது அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். எல்லா இடத்திலும் இதே வெறுமை என்றால், அல்லது பிள்ளையையோ உங்களையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் ஒரு முறை வந்தாலும், இப்படிக் கவனித்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அடுத்து, குறைப்பதற்கு முன் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு வாரத்துக்கு, அரை மணிக்கு ஒரு கட்டமாக, நீங்கள் செய்வதை ஒரு நோட்டில் எழுதி இங்கே சொல்லுங்கள். தூக்கத்தையும் எழுதுங்கள்.

பாண்டி கோவில் ரோடு

எனக்கு ஒரு சந்தேகம். என் அண்ணன் மகனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிட்டோம். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா, தானாக வருமா?

சிறப்பாசிரியை (ஆனையூர்)

தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஐயா. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மற்ற விவரங்களுக்குத் தனி இழை தொடங்கினால் நல்லது. இங்கே அந்த அம்மாவின் கேள்வி தடம் மாறிவிடக் கூடாது.

கொடிமல்லி (திருமங்கலம்)

எழுதிப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கே நம்ப முடியவில்லை.

மையத்துக்கு மதியம் 2.15-க்குக் கிளம்பினால் வீடு திரும்ப 6.15 ஆகிறது. நான்கு மணி நேரத்தில் அறைக்குள் பயிற்சி நடப்பது 45 நிமிடம். ஆக வாரத்தில் 20 மணி நேரம் செலவழித்து மூன்றே முக்கால் மணி நேரப் பயிற்சி பெறுகிறோம். இரவுப் பயிற்சி வாரத்துக்கு 14 மணி நேரம். அதில் முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு அவன் பெரும்பாலும் அழுகிறான், அல்லது நான் அதட்டுகிறேன். தூக்கம்: அவன் 11 மணிக்குத் தூங்கி 2 மணிக்கு எழுந்துவிடுவான்; மீண்டும் தூங்க 4.30 ஆகும். எனக்கு 11.30 முதல் 2 வரையும், 4.30 முதல் 6 வரையும்தான். நான்கு மணி நேரம், அதுவும் இரண்டு துண்டாக. மகளோடு மட்டும் இருந்த நேரம் என்று எழுத வாரம் முழுவதும் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதுவும் அவளுக்குத் தலை பின்னியது.

அம்மா வீட்டில் சாப்பாடு ருசிக்கிறது. மகள் பேசினால் சிரிக்கிறேன். அதனால் இன்னும் குற்ற உணர்வாக இருக்கிறது. அவனிடம் மட்டும்தானே இப்படி இருக்கிறேன். கருவுற்றிருந்தபோது நான் வேலைக்குப் போனதால்தான் அவன் இப்படி ஆனான் என்று என் மாமியார் ஒரு முறை சொன்னார். அப்படி இல்லை என்று தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு நாள் பயிற்சியும் அதற்குச் செலுத்தும் அபராதம் போலவே இருக்கிறது.

வெள்ளைச்சாமி வாத்தியார்

இந்த "பெற்றோர் வற்றல்" எல்லாம் மேல்நாட்டு வியாதி. அங்கே தாயும் தகப்பனும் தனியாகக் கிடந்து அல்லாடுகிறார்கள். நம் வீடுகளில் பாட்டி, அத்தை, சித்தி என்று பத்துப் பேர் இருப்பார்கள். கூட்டுக் குடும்பத்தை விட்டு வந்ததன் விளைவுதான் இது.

சிறப்பாசிரியை (ஆனையூர்)

வாத்தியார் ஐயா, நீங்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை. நான் சொன்ன ஆராய்ச்சியாளர்களே பலருடன் சேர்ந்து 42 நாடுகளில் ஆய்வு செய்து, தனிமனிதப் போக்கு மிகுந்த மேலை நாடுகளில்தான் இது அதிகம் என்று 2021-இல் எழுதினார்கள். ஆனால் வீட்டில் ஆள் இருப்பது வேறு, வேலையில் ஆள் இருப்பது வேறு. கொடிமல்லியின் நோட்டில் இரவு 2 மணிக் கட்டத்தில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கூட்டுக் குடும்பம் சில வீடுகளில் தீர்ப்புச் சொல்வதற்கு மட்டும் கூட்டாக இருக்கிறது.

கொடிமல்லி, தாய்மேல் பழி போடுவது உங்கள் மாமியார் கண்டுபிடித்ததல்ல. தாயிடம் பாசம் குளிர்ந்துபோனதால்தான் ஆட்டிசம் வருகிறது என்று சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் படித்த மருத்துவர்களே சொன்னார்கள். அது தவறு என்று 1964-இல் அழுத்தமாக எடுத்து எழுதிய பெர்னார்டு ரிம்லண்ட், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தகப்பன். நீங்கள் எழுதிய "அபராதம்" என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். பிள்ளைக்குத் தேவையான அளவு ஓரிடத்தில் நின்றுவிடும். அபராதத்துக்கு அளவே கிடையாது. அதனால் எத்தனை மணி நேரம் என்பதைக் குற்ற உணர்விடம் கேட்காமல் பையனிடம் கேட்போம்: எந்த நேரத்தில் அவன் உண்மையில் கற்கிறான்?

உங்கள் கணக்குப்படி அட்டையோடு உட்காரும் இரவு நேரத்தில் முதல் அரை மணிக்குப் பிறகு அவன் கற்கவில்லை. அதை முழுவதுமாக நிறுத்திவிடலாம். அதற்குப் பதிலாக ஒரே ஓர் இலக்கு: வேண்டியதைக் கேட்டு வாங்குவது. அதை எப்படியும் நடக்கும் வேலைக்குள் வையுங்கள். இட்லியை முழுதாகத் தட்டில் போடாமல் சிறு துண்டாக வைத்து, அவன் பார்வையோ கையோ "தா" என்ற ஒலியோ வரும்வரை காத்திருந்து அடுத்த துண்டைக் கொடுங்கள். குளிக்கும்போது இரண்டு குவளை ஊற்றிவிட்டு மூன்றாவதை உயர்த்திப் பிடித்து மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாம் தோற்பது இந்தக் காத்திருத்தலில்தான். மூன்று எண்ணுவதற்குள் ஊற்றிவிடுவோம். அவன் அழத் தொடங்கினால் ஊற்றிவிடுங்கள். தண்ணீரை வைத்துப் பணிய வைக்கும் விளையாட்டாக அது மாறிவிடக் கூடாது.

மையத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "மூன்று மாதத்தில் வீட்டில் எது மாறியிருக்க வேண்டும்?" பதில் சொல்ல முடிந்தவர்களிடம் வாரத்தில் இரண்டு நாள் போதும், ஒரு நாள் நீங்களும் அறைக்குள் இருந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். குறைத்தால் பின்னுக்குப் போய்விடுவான் என்று பயமுறுத்தினால், இப்போது அவன் பேசும் சொற்களையும் செய்யும் வேலைகளையும் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். ஆறு வாரம் கழித்துப் பாருங்கள். இருந்த சொற்கள் மறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நேரத்தைக் குறைத்ததுதான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

தூக்கம்தான் எல்லாவற்றுக்கும் முதல். அவன் என்ன சாப்பிடுகிறான், மலம் எத்தனை நாளைக்கு ஒரு முறை போகிறான்?

கொடிமல்லி (திருமங்கலம்)

வெறும் சோறு, அப்பளம், ஒரே வகை பிஸ்கட். மலம் நான்கு நாளைக்கு ஒரு முறை, சில சமயம் ஐந்து. இதை இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

சிறப்பாசிரியை (ஆனையூர்)

அப்படியானால் குழந்தை மருத்துவரிடம் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மலச்சிக்கலின் வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை நள்ளிரவில் எழுந்து நடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரும்புச் சத்தையும் சோதிக்கச் சொல்லலாம். அது குறைந்தாலும் பிள்ளைகள் இரவில் புரண்டுகொண்டே இருப்பார்கள். கடையில் மலமிளக்கி வாங்கி நீங்களே கொடுத்துவிடாதீர்கள்.

சமயநல்லூர் தகப்பன்

இரவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் மகளுக்கும் இதே போன்ற இரவுகள்தாம். முதலில் நானும் மனைவியும் ஓர் இரவையே இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். இருவருமே தினமும் பாதித் தூக்கத்தில் கெட்டோம். பிறகு நாளைப் பிரித்தோம்: நான்கு இரவு அவர், மூன்று இரவு நான். முறை இல்லாதவர் காதுக்கு எட்டாத இடத்தில் படுக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். ஒரே அறையில் படுத்தால் பிள்ளை முனகிய மறுநொடி தாய் எழுந்துவிடுவார். என் மனைவி முதல் வாரம் மாடியிலிருந்து இறங்கி வந்து, நான் செய்வது தவறு என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். நானும் உள்ளூர மகிழ்ந்து போய்ப் படுத்துக்கொண்டேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தகப்பன்மார் தப்பித்துக்கொள்ளும் வழியே அதுதான்: சரியாகச் செய்யாமல் இருந்தால் வேலை திரும்பப் பிடுங்கப்படும். இரண்டாம் வாரம் அவர் எதிர்வீட்டு அக்கா வீட்டில் போய்ப் படுத்தார். அன்றிலிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

மேலூர் அம்மா

எல்லாவற்றையும் படித்தேன். உங்களுக்கெல்லாம் குறைக்கப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. என் மகளுக்கு மூளை முடக்குவாதம். பதினாறு வயது, 38 கிலோ எடை. ஒரு வேளை ஊட்ட ஐம்பது நிமிடம் ஆகும். கழிவறைக்குத் தூக்கிப் போய்த் தூக்கி வர வேண்டும். என் நோட்டில் எந்தக் கட்டத்தை நான் அடிப்பது? குற்ற உணர்வுக்கே எனக்கு நேரமில்லை. இடுப்பு வலிதான் இருக்கிறது.

சிறப்பாசிரியை (ஆனையூர்)

அக்கா, நீங்கள் சொல்வது நியாயம். உங்கள் வீட்டில் கட்டத்தை அடிக்க முடியாது; இன்னொரு ஜோடிக் கை வேண்டும். அந்தக் கை எங்கே கிடைக்கும் என்பதற்கு என்னிடம் முழு விடை இல்லை. பகல் பராமரிப்பு மையங்கள் பெரும்பாலும் நகரத்துக்குள் இருக்கின்றன. தூக்க வேண்டிய பிள்ளைகளை எல்லா மையங்களும் ஏற்பதும் இல்லை. என்னால் சொல்ல முடிந்தவை இரண்டு. ஒரு வேளை ஊட்ட ஐம்பது நிமிடம் ஆகிறது என்றால் விழுங்குவதில் சிரமம் இருக்கிறதா என்று காட்ட வேண்டும்; உணவின் பதத்தையும் உட்காரும் கோணத்தையும் மாற்றியதில் நேரம் குறைந்த பிள்ளைகள் உண்டு. சாப்பிடும்போது அடிக்கடி இருமினாலோ, சளிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தாலோ தள்ளிப் போடாதீர்கள். அடுத்து, கட்டில் சக்கர நாற்காலியின் உயரத்துக்கு இருந்தால் தூக்காமல் நகர்த்தலாம். இயன்முறை மருத்துவர் ஒருவரை ஒரு நாள் வீட்டுக்கே வரவழைத்து, அவளுக்குச் சொல்லித் தருவதற்குப் பதிலாக உங்களுக்குச் சொல்லித் தரக் கேளுங்கள். பதினெட்டு வயதானதும் சட்டப்படியான பாதுகாவலர் ஏற்பாட்டுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கான தாள்களை இப்போதே சேர்த்து வையுங்கள்.

இளையவள்

நான் பெற்றோர் அல்லள். இப்படிப்பட்ட ஓர் அண்ணனின் தங்கை, இப்போது வேலைக்குப் போகிறேன். கொடிமல்லி அக்கா, உங்கள் நோட்டில் தலை பின்னிய அந்த ஒரு கட்டத்தைப் பார்த்து எழுதுகிறேன். எங்கள் அம்மா என்னிடம் "நீ சமத்து, உனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு வேண்டியவை இருந்தன. சமத்தாக இருக்க வேண்டியிருந்ததால் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

கொடிமல்லி (திருமங்கலம்)

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

குழந்தை மருத்துவர் மருந்து கொடுத்தார். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் மலம் போகிறான். இரவில் எழுவது நிற்கவில்லை, ஆனால் முக்கால் மணி நேரத்தில் மீண்டும் தூங்கும் இரவுகள் அதிகமாகிவிட்டன. கணவர் மூன்று இரவுகளை எடுத்துக்கொண்டார். நான் பின்கட்டில் மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டுப் படுக்கிறேன். முதல் இரண்டு வாரம் அங்கேயும் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன்.

மையத்துக்கு இப்போது இரண்டு நாள்தான். அங்கே முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்று மாதக் கேள்விக்கு "எல்லாம் முன்னேறும்" என்றுதான் பதில் வந்தது. வேறு மையம் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. இரவு அட்டைகளைப் பரணில் போட்டுவிட்டேன். தேதி போட்டு எழுதிய தாளில் இருந்த சொற்களில் ஒன்றும் குறையவில்லை. குளிக்கும்போது குவளையை உயர்த்தினால் இப்போது என் மணிக்கட்டைத் தட்டுகிறான், இழுப்பதில்லை, தட்டுகிறான். ஒரு நாள் நான் எட்டு வரை எண்ணியபோது "ஊத்து" என்றான். அந்தச் சொல் தாளில் இல்லை.

கப்பலூரில் இருக்கும் என் நாத்தனார் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வந்து அவனோடு இருக்கிறார். முதல் வாரம் நானும் கூடவே இருந்தேன்; இரண்டாம் வாரம் கொல்லைப்புறத்தில் இருந்தேன்; மூன்றாம் வாரம் இருபது நிமிடம் வெளியே போனேன். அவன் எதற்காகக் கத்துவான், அப்போது எதைச் செய்யக் கூடாது, எப்போது என்னை அழைக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டியிருக்கிறேன். நான்காம் வாரம் மாமியார் நடுவில் புகுந்து கைப்பேசியைக் கொடுத்துவிட்டார். நாத்தனாருக்கும் அவருக்கும் வாக்குவாதம். அது இன்னும் தீரவில்லை.

சென்ற சனிக்கிழமை மகளை மட்டும் அழைத்துக்கொண்டு புது மண்டபத்துப் பக்கம் போய் அவளுக்கு வளையல் வாங்கினேன். பேருந்தில் ஏறியதிலிருந்து அவனை விட்டுவிட்டு வந்தோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சிறப்பாசிரியை அம்மா, நேரத்தைக் குறைத்தால் குற்ற உணர்வும் குறையும் என்று நினைத்திருந்தேன். அது குறையவில்லை, நேரம் கிடைத்ததும் நன்றாக உட்கார்ந்துகொண்டது. ஆனால் அடிக்கவில்லை. அதட்டுவதைக் கட்டத்தில் குறித்து வருகிறேன்; முதல் வாரம் முப்பத்தொன்று, இந்த வாரம் ஒன்பது. தலையில் என் கையை வைத்து அழுத்தினான், நேற்று. எண்ணெய் வாசனை வந்தது.

மாடக்குளத்தான்

நல்ல செய்தி, சகோதரி. ஆனாலும் ஏழு வாரம் என்பது குறுகிய காலம். இரண்டு நாள் பயிற்சி போதுமா என்பதை ஓர் ஆண்டு கழித்துத்தான் சொல்ல முடியும் என்பது என் கருத்து.

சிறப்பாசிரியை (ஆனையூர்)

ஐயா சொல்வது சரிதான். அதனால் தாளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேதி போடுங்கள். குற்ற உணர்வைப் பொறுத்தவரை, அது பேருந்தில் கூடவே வந்தாலும் வரட்டும், கொடிமல்லி. உங்கள் நேரத்தை அது பங்கு போடாமல் இருந்தால் எனக்குப் போதும். சனிக்கிழமையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். முதல் முறை விட்டால் இரண்டாம் முறை கேட்பது கடினம்.

மேலூர் அம்மா

கட்டில் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்து நாற்காலி உயரத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு போர்வையை அடியில் விரித்து இழுத்தால் நகர்கிறாள். ஒரு நாளில் நான்கு முறை தூக்குவது மிச்சம். ஊட்டும் நேரத்தில் மாற்றமில்லை. அரசு மருத்துவமனையில் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். மேலூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாலை ஐந்து முதல் ஏழு வரை வந்திருக்கக்கூடிய பெண்மணி யாராவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். சம்பளம் கொடுப்பேன். பிள்ளையைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லாதவராக இருக்க வேண்டும்.